நீளமான கேப்ஷன் போன்ல சுவர் மாதிரி நிக்குதா? எங்க உடைக்கணும், எங்க உடைக்கக்கூடாது

"இன்ஸ்டால நீளமா கேப்ஷன் எழுதுறேன், போன்ல பாத்தா ஒரே சுவர் மாதிரி இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. சரின்னு ஒவ்வொரு வரியா என்டர் தட்டி எழுதினா என் போன்ல அழகா இருக்கு, பிரண்டு போன்ல கன்னாபின்னான்னு உடைஞ்சு தெரியுது. வரிய எங்கதான் உடைக்கிறது, எவ்வளவு இடம் விடுறது?"

உங்க பிரண்டு போன்ல கன்னாபின்னான்னு தெரியுதுன்னு சொல்றீங்கல்ல, அதுலேயே பாதி பதில் இருக்கு. நீங்க அகலத்தப் பாத்து உடைச்சிருக்கீங்க, அதாவது உங்க ஸ்கிரீன்ல வலது ஓரம் வந்ததும் என்டர் தட்டிருக்கீங்க. அந்த ஓரம் உங்க போனுக்கு மட்டும்தான் சொந்தம். ஐபோன்ல தமிழுக்கு ஒரு ஃபான்ட், ஆண்ட்ராய்டுல இன்னொரு ஃபான்ட், ஒரே வார்த்தை ரெண்டுலயும் வேற வேற நீளம் வரும். அது போக சிலர் சின்ன ஸ்கிரீன் வச்சிருப்பாங்க, கண்ணு தெரியலன்னு எழுத்து சைஸ பெருசாக்கி வச்சிருக்கவங்களும் நிறைய. சாதாரண சைஸ்ல ஒரு வரிக்கு சுமாரா நாலு அஞ்சு தமிழ் வார்த்தை நிக்கும், பெரிய சைஸ்ல அதுலயும் ஒண்ணு ரெண்டு குறையும்.

என்ன நடக்குதுன்னு ஒரு உதாரணத்தோட பாத்துடலாம். சைக்கிள் செயின் சுத்தம் பண்றது பத்தி ஒருத்தர் கேப்ஷன் எழுதுறார்னு வைங்க. அவர் போன்ல இப்படி தட்டுறார்:

சைக்கிள் செயின்ல கரகரன்னு சத்தம் வருதுன்னா
உடனே எண்ணெய் ஊத்தாதீங்க, ஏற்கனவே இருக்குற
அழுக்கு மேலயே எண்ணெய் விட்டா அது மணலோட

அவருக்கு மூணு வரி, கச்சிதமா இருக்கு. இதையே எழுத்து சைஸ் பெருசா வச்சிருக்க ஒருத்தர் பாக்குறப்ப இப்படி ஆகுது:

சைக்கிள் செயின்ல கரகரன்னு சத்தம்
வருதுன்னா
உடனே எண்ணெய் ஊத்தாதீங்க, ஏற்கனவே
இருக்குற
அழுக்கு மேலயே எண்ணெய் விட்டா அது
மணலோட

ஒரு வரி நீளம், அடுத்த வரி ஒத்தை வார்த்தை, மறுபடி நீளம், மறுபடி ஒத்தை. இடம் பத்தாம போன் ஒரு தடவை மடக்குது, அதுக்கு அப்புறம் நீங்க தட்டின என்டர் இன்னொரு தடவை மடக்குது. படிக்கிறவருக்கு "வருதுன்னா", "இருக்குற" எல்லாம் தனித்தனியா நிக்கிறத பாத்தா ஏதோ அழுத்தம் கொடுத்து எழுதின மாதிரி தோணும், ஆனா அதுல ஒண்ணும் இருக்காது. இத உங்க போன்ல உக்காந்து எவ்வளவு சரி பண்ணாலும் சரியாகாது, ஏன்னா பிரச்சனை உங்க போன்ல தெரியவே தெரியாது.

அதனால நான் பிடிச்சுக்கிட்டு இருக்குற விதி ஒண்ணே ஒண்ணு. ஒரு வரி எந்த போன்லயும் மடங்காத அளவுக்கு நிஜமாவே குட்டியா இருக்கணும், இல்லன்னா அது ஒரு முழு பத்தியா இருக்கணும், பத்திக்குள்ள என்டரே தட்டாம போன் இஷ்டத்துக்கு மடக்கட்டும்னு விட்டுடணும். ஆபத்து எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான், அதாவது ஒரு வரிக்கு மேல கொஞ்சமா ஓடுற சைஸ். ரெண்டு மூணு வார்த்தை, கண்ணுக்குத் தெரியுற எழுத்துக் கணக்குல பதினஞ்சு பதினாறு, இதுக்குள்ள இருந்தா பெரும்பாலும் எங்கயும் உடையாது. "உடனே எண்ணெய் விடாதீங்க" கிட்டத்தட்ட எல்லா போன்லயும் ஒரே வரிதான். ஏழெட்டு வார்த்தை இருக்குற வாக்கியத்த தனி வரியா விட்டீங்கன்னா சிலருக்கு ஒண்ணரை வரி, சிலருக்கு ரெண்டு வரியும் ஒரு வாலும்னு தெரியும். அத பக்கத்து வாக்கியத்தோட சேத்து பத்தியாக்குங்க, இல்ல வெட்டி குட்டியாக்குங்க.

அடுத்து இடைவெளி. தமிழ்ல எழுதுற நமக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்துல எழுதுறவங்க தலைப்ப முழுசா கேப்பிட்டல்ல போட்டு எடுத்துக்காட்டலாம், நெட்ல கிடைக்குற அந்த போலி போல்ட் எழுத்தையும் ஒட்டலாம். தமிழுக்கு கேப்பிட்டலும் இல்ல, அந்த போலி போல்டும் இல்ல, இன்ஸ்டா கேப்ஷன்ல நிஜ போல்டும் கிடையாது. ஆக எது தலைப்பு, எது விளக்கம், எது எதோட சேருதுன்னு காட்ட நம்ம கையில இருக்குறது ரெண்டே ரெண்டு: என்டர் ஒரு தடவை, என்டர் ரெண்டு தடவை. ஒரு தடவை தட்டினா இது மேல இருக்குறதோட சேந்ததுன்னு அர்த்தம். ரெண்டு தடவை தட்டி நடுவுல காலி வரி விட்டா அது வேற, இது வேறன்னு அர்த்தம். கண்ணு இத யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரிஞ்சுக்கும், பக்கத்துல இருக்குறது எல்லாம் ஒரே கூட்டம்னு எடுத்துக்கும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காலி வரி விட்டு எழுதுற ஸ்டைல் ஒண்ணு சுத்துதே, அது எனக்குப் பிடிக்காததுக்கு காரணமே இதுதான். எல்லா இடைவெளியும் ஒரே அளவா இருந்தா எந்த இடைவெளிக்கும் அர்த்தம் இல்ல. சுவர உடைச்ச மாதிரி தெரியும், ஆனா படிக்கிறவர் இருபது தனித்தனி வாக்கியத்த கட்டை விரலால தள்ளிக்கிட்டே போகணும், எது எதோட சேருதுன்னு அவரே கண்டுபிடிக்கணும். போதாததுக்கு ஸ்கிரீன்ல பாதி இடம் காலியாவே போயிடும்.

இப்ப அந்த செயின் கேப்ஷன முழுசா எடுத்துக்கலாம். முதல்ல எழுதினது இப்படி இருந்துச்சுன்னு வைங்க:

சைக்கிள் செயின்ல கரகரன்னு சத்தம் வருதுன்னா உடனே எண்ணெய் ஊத்தாதீங்க, ஏற்கனவே இருக்குற அழுக்கு மேலயே எண்ணெய் விட்டா அது மணலோட சேந்து செயின இன்னும் வேகமா தேய்க்கும், அதனால முதல்ல ஒரு பழைய துணியால செயினப் பிடிச்சுக்கிட்டு பெடல பின்பக்கமா சுத்தி துடைச்சிட்டு அப்புறம் டீகிரீசர் போட்டு பிரஷ்ல தேய்ச்சு தண்ணியில அலசி நல்லா காய விட்டு, காஞ்ச பிறகு செயினோட உள்பக்கம் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விட்டு பெடல சுத்தி கொஞ்ச நேரம் விட்டுட்டு வெளிய நிக்கிற எண்ணெய துடைச்சிடணும், இல்லன்னா மறுபடி தூசி ஒட்டும்.

விஷயத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா இத சைக்கிள் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு கையில அழுக்குத் துணியோட படிக்கிறவர நினைச்சுப் பாருங்க. அலசி முடிச்சிட்டு அடுத்து என்னன்னு போனப் பாக்குறார், எந்த இடத்துல விட்டோம்னே தெரியாது. மாத்தி எழுதினா:

செயின் கரகரன்னு கத்துதா?
உடனே எண்ணெய் விடாதீங்க.

அழுக்கு மேலயே எண்ணெய் விட்டா அது மணலோட குழைஞ்சு செயின இன்னும் வேகமா தேய்க்கும். முதல்ல சுத்தம், அப்புறம்தான் எண்ணெய்.

1. துடைக்கிறது
பழைய துணியால செயினப் பிடிச்சுக்கிட்டு பெடல பின்பக்கமா சுத்துங்க. துணியில ஒட்டுற கருப்பு குறையுற வரைக்கும்.

2. கழுவுறது
டீகிரீசர் தடவி பிரஷ்ல தேய்ச்சு தண்ணியில அலசுங்க.

3. காய விடுறது
ஈரம் கொஞ்சம்கூட இருக்கக்கூடாது. அவசரம்னா காஞ்ச துணியால ஒத்தி எடுங்க.

4. எண்ணெய்
செயினோட உள்பக்கம், ரோலர் ஒண்ணுக்கு ஒரு சொட்டு. பெடல சுத்தி விட்டுட்டு எண்ணெய் உள்ள இறங்க கொஞ்ச நேரம் கொடுங்க.

5. திரும்ப துடைங்க
வெளிய நிக்கிற எண்ணெய் முழுக்க துணிக்கு வந்துடணும். விட்டா தூசி வந்து ஒட்டிக்கும்.

என்ன மாறிச்சுன்னு பாருங்க. நம்பர் போட்ட வரி எல்லாம் குட்டி, எந்த போன்லயும் மடங்காது, அதனால அது தலைப்பாவே நிக்குது. தலைப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவுல ஒரே ஒரு என்டர், அதனால ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஸ்டெப்புக்கும் ஸ்டெப்புக்கும் நடுவுல காலி வரி. நிறைய பேர் தலைப்புக்குக் கீழயும் காலி வரி விட்டுடுவாங்க, அப்ப தலைப்பு மேல இருக்குற பத்திக்குச் சொந்தமா கீழ இருக்குறதுக்கான்னு தெரியாம நடுவுல தொங்கும்.

விளக்கம் எல்லாம் என்டர் இல்லாத பத்தி. சிலருக்கு அது ரெண்டு வரி, சிலருக்கு நாலு வரி, எப்படி மடங்கினாலும் கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு பத்திக்கு பதினஞ்சு இருபது வார்த்தை வரைக்கும் ஓடலாம், உங்க போன்ல நாலு இல்ல அஞ்சு வரி. அதுக்கு மேல போச்சுன்னா பெரிய எழுத்து வச்சிருக்கவருக்கு மறுபடியும் சுவர்தான். ரெண்டாவது ஸ்டெப் ஒரே வாக்கியம், அஞ்சாவது ரெண்டு வாக்கியம், இத சமமாக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, விஷயம் எவ்வளவோ அவ்வளவு.

இன்னொரு மாற்றமும் இருக்கு, சட்டுன்னு கண்ணுல படாது. போன்ல வேகமா தள்ளிக்கிட்டுப் போறவர் வரியோட இடது ஓரத்ததான் மேயுறார். வெப்சைட் படிக்கிறவங்க கண்ணு எப்படி நகருதுன்னு நீல்சன் நார்மன் குரூப் 2006ல எழுதினதுல இருந்தே இத சொல்லிட்டு இருக்காங்க, மேல இருக்குற வரிங்கள அதிகமா, கீழ போகப் போக பெரும்பாலும் வரியோட ஆரம்பம் மட்டும்தான்னு. ஆனா தமிழ்ல நம்ம பழக்கம் என்ன? முக்கியமானத கடைசியிலதான் வைப்போம். "காஞ்ச பிறகு செயினோட உள்பக்கம் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விட்டு", இதுல எண்ணெய்ங்கிற வார்த்தையே கிட்டத்தட்ட கடைசியிலதான் வருது. இடது ஓரத்துல "காஞ்ச", "ரோலருக்கும்"னுதான் நிக்கும். நல்ல வேளையா தமிழ்ல வார்த்தைய முன்ன பின்ன மாத்தலாம், வாக்கியம் உடையாது. "எண்ணெய்"னு முன்னாடி தூக்கிப் போட்டுட்டு மத்தத பின்னாடி சொல்லலாம். வரிய உடைக்கிறதுக்கு முன்னாடி இத செஞ்சாதான் உடைச்சதுக்கு பலன் தெரியும், இல்லன்னா வெறும் இடைவெளிதான் கிடைக்கும். உங்க கேப்ஷன்ல ஒவ்வொரு வரியோட முதல் வார்த்தைய மட்டும் மேல இருந்து கீழ படிச்சுப் பாருங்க. "அதனால", "அப்புறம்", "ஏன்னா", "இது"ன்னே வந்துச்சுன்னா வார்த்தைய இடம் மாத்துற வேலை இன்னும் பாக்கி இருக்கு.

நீளமான ஒட்டு வார்த்தையும் ஒரு தொல்லை. கேப்ஷன்ல போன் வார்த்தைக்கு நடுவுல ஹைபன் போட்டு உடைக்காது, இடம் பத்தலன்னா முழு வார்த்தையும் அடுத்த வரிக்குப் போயிடும். "பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்"னு எழுதினா மேல் வரியில பெரிய ஓட்டை விழும், பெரிய எழுத்துல அந்த ஒரு வார்த்தையே ஒரு வரிய முழுங்கிடும். "யூஸ் பண்றாங்க"ன்னோ "பயன்படுத்துறாங்க"ன்னோ எழுதினா அந்த வம்பே இல்ல.

இப்ப முதல் வரி. ஃபீட்ல கேப்ஷனோட ஆரம்பம் மட்டும்தான் தெரியும், மீதிய பாக்க `more` தட்டணும். 125 எழுத்துக்குள்ள முடிங்கன்னு எல்லா இடத்துலயும் ஒரு கணக்கு சொல்றாங்க, அது ஆங்கிலத்துக்கு ஓரளவு சரி. தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, அதனால எழுத்த எண்ணாம வரியப் பாருங்க, உங்களுக்கு நிச்சயமா கிடைக்கிறது முதல் ஒண்ணு ரெண்டு வரிதான்னு நினைச்சுக்கோங்க. அதுலயும் முதல் வரி ஆரம்பத்துல உங்க யூசர்நேம் உக்காந்திருக்கும். யூசர்நேம் நீளமா இருந்தா "செயின் கரகரன்னு கத்துதா?"கூட மடங்கிடும். அதனால முதல் வரிய மத்த குட்டி வரிங்களவிட இன்னும் குட்டியாக்குங்க.

இங்க காலி வரியும் ஒரு வரியா கணக்காகும்ங்கிறத மறக்காதீங்க. முதல் வரிக்கு அடுத்து ரெண்டு என்டர் தட்டினா, அந்த காலி வரியே ஃபீட்ல கிடைக்குற ரெண்டாவது இடத்த தின்னுடலாம். அதனாலதான் மேல "கத்துதா?"வுக்கும் "விடாதீங்க"வுக்கும் நடுவுல ஒரே என்டர் வச்சேன், கேள்வியும் பதிலோட ஆரம்பமும் சேந்தே தெரியணும்னு. ஆர்வத்த தூண்டணும்னு சிலர் வேணும்னே காலி வரி விடுவாங்க. கேள்வி நிஜமாவே நல்லா இருந்தா சரி, "இத பாருங்க!"ன்னு மட்டும் எழுதிட்டு காலி வரி விட்டா யாரும் தட்ட மாட்டாங்க.

காலி வரி விட்டேன், போஸ்ட் பண்ணதும் காணாம போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாடியெல்லாம் வரி கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா இன்ஸ்டா காலி வரிய முழுங்கிடும். அந்த ஸ்பேஸ நீங்க போட்டிருக்கவே மாட்டீங்க, கீபோர்டுல மேல காட்டுற வார்த்தைய தட்டி எடுத்தா அதுவே ஒரு ஸ்பேஸ் சேத்துடும். இப்ப பெரும்பாலும் காலி வரி அப்படியே நிக்குது, இருந்தாலும் எங்கயாவது ரெண்டு பத்தி ஒட்டிக்கிச்சுன்னா முதல்ல மேல் பத்தியோட கடைசிக்குப் போய் ஒரு பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்க. அந்தக் காலத்து வைத்தியமா காலி வரியில புள்ளி வைக்கிறது, `U+2800` மாதிரி கண்ணுக்குத் தெரியாத எழுத்த ஒட்டுறது எல்லாம் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. இப்ப அதுக்கு அவசியம் இல்ல. கண்ணு தெரியாதவங்க போன்ல ஸ்கிரீன் ரீடர் வச்சு கேக்குறப்ப அந்தப் புள்ளியையோ மறைஞ்சிருக்குற எழுத்தையோ அது சத்தமா படிச்சிட வாய்ப்பு இருக்கு, ஒவ்வொரு பத்திக்கும் நடுவுல அது வந்தா கேக்குறவருக்கு எரிச்சல்தான். எமோஜிக்கும் இதே கதைதான், ஸ்டெப்புக்கு ஒரு எமோஜின்னு வச்சா அது ஒவ்வொண்ணோட பேரும் வாசிக்கப்படும். ஸ்டெப்புன்னா நம்பரே போதும்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. கேப்ஷனுக்கு 2,200 எழுத்துதான் எல்லை, ஆனா தமிழ்ல நாம எண்ணுற எழுத்து வேற, கம்ப்யூட்டர் எண்ணுறது வேற. "செயின்" நமக்கு மூணு எழுத்து, உள்ளுக்குள்ள ஒற்றைக்கொம்பு, மேல் விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனியா சேந்து ஆறு. என்டரும் ஒவ்வொண்ணும் ஒரு எழுத்துதான். அதனால ஆங்கிலக் கேப்ஷன் அளவுக்கு நீளமா திட்டம் போட்டு கடைசியில அஞ்சாவது ஸ்டெப் உள்ள போகலன்னு காலி வரிய எல்லாம் அழிக்கிற நிலைமைக்கு வந்துடாதீங்க. இடம் பத்தலன்னா ஒரு ஸ்டெப்ப படத்து மேலேயே எழுதிடுங்க, இடைவெளியில கை வைக்காதீங்க.

இது எல்லாம் செய்முறை, லிஸ்ட், அறிவிப்பு மாதிரி தேடிப் படிக்கிற கேப்ஷனுக்கு. ஒரு சம்பவத்த கதையா சொல்றீங்கன்னா நம்பரும் குட்டித் தலைப்பும் வேண்டாம், சொல்ற ஓட்டம் செத்துடும். அங்க பத்தி மட்டும் போதும், ஆள் மாறுற இடத்துல, நேரம் மாறுற இடத்துல ஒரு காலி வரி.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய சோதனை ஒண்ணு இருக்கு. டிராஃப்ட்ட வாட்ஸப்லயோ நோட்ஸ்லயோ உங்களுக்கே அனுப்பிட்டு போன் செட்டிங்ஸ்ல எழுத்து சைஸ கடைசி வரைக்கும் பெருசாக்கிப் பாருங்க, அகலம் இன்ஸ்டா மாதிரியே இருக்காது, பரவாயில்ல, நமக்கு வேண்டியது குறுகலா தெரியுறப்ப என்ன ஆகுதுங்கிறதுதான். எங்கயாவது ஒத்தை வார்த்தை தனியா ஒரு வரியில நின்னு, அதுக்குக் கீழ உடனே புது வரி ஆரம்பிச்சா, அந்த வரி நான் சொன்ன நடு சைஸ்ல மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு வார்த்தைய வெட்டுங்க, இல்ல அந்த என்டர அழிச்சு கீழ் வரியோட சேத்துடுங்க. பத்தியோட கடைசி வரியில ஒத்தை வார்த்தை நின்னா அது சாதாரணம், அத விட்டுடுங்க. எல்லாம் சரியானதும் எழுத்து சைஸ பழையபடி வச்சுக்கிட்டு போஸ்ட் பண்ணுங்க.